ஒரு காது மட்டும் மந்தம்: எம்.ஆர்.ஐ. எதைத் தேடுகிறது?

"எனக்கு 54 வயது. கோவையில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக போனை இடது காதில் வைத்தால் சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. கூடவே 'ங்ஙொய்' என்று ஒரு ரீங்காரம். ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸில் வலது காது 25, இடது 50 டெசிபல். 4000-ல் வலது 40, இடது 65. சொற்களைச் சொல்லச் சொன்னதில் வலது காதில் 96 சதவீதம், இடது காதில் 56. பட்டறைச் சத்தம்தான் காரணம் என்றிருந்தேன். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிவிட்டார். மூளைக் கட்டி என்று சந்தேகப்படுகிறாரா? சி.டி. ஸ்கேன் போதாதா? என்ன தயார் செய்ய வேண்டும்?"

பட்டறைச் சத்தத்துக்கு இடது வலது தெரியாது. வருடக்கணக்கில் இரைச்சலில் நிற்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே அளவில் குறையும். ஆடியோகிராமில் டெசிபல் எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம். வலது காதின் அந்த 40 வேண்டுமானால் லேத்தின் வேலையாக இருக்கலாம். இரண்டு காதுக்கும் நடுவே இருக்கும் 25 டெசிபல் இடைவெளிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் 15 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தாலே எம்.ஆர்.ஐ. எழுதுவது வழக்கம். ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 56 சதவீதம்தான். சத்தம் கேட்டும் சொல் பிடிபடவில்லை என்றால், பழுது காதுக்குள் இல்லாமல் நரம்பில் இருக்கலாம்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு, எலும்புக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகலான குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயில் நான்கு நரம்புகள் உண்டு. ஒன்று முகத்துக்கு, ஒன்று கேட்பதற்கு, மற்ற இரண்டும் உடலின் சமநிலைக்கு. சமநிலை நரம்பைச் சுற்றியுள்ள உறையில் சிலருக்கு ஒரு கட்டி மெதுவாக வளரும். வெஸ்டிபுலார் ஸ்வானோமா என்று பெயர். பழைய பெயர் அகௌஸ்டிக் நியூரோமா. இது புற்றுநோய் அல்ல, மூளைக்குள் முளைப்பதும் அல்ல. ஆனால் இடமில்லாத குழாயில் வளர்வதால் பக்கத்தில் இருக்கும் கேட்கும் நரம்பை அழுத்தும். கட்டி சமநிலை நரம்பில் என்றால் தலைசுற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். இழப்பு மிக மெதுவாக நடப்பதால் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. அதனால் பலர் காது மந்தம் என்றுதான் வருகிறார்கள், தலைசுற்றல் என்று வருவதில்லை.

உங்களைப் போல் ஒரு பக்கம் குறைந்தவர்கள் 100 பேருக்கு இந்த ஸ்கேன் எடுத்தால், ஒன்றிலிருந்து நான்கு பேருக்குத்தான் கட்டி தெரியும். டாக்டர் அதை 'இல்லை' என்று உறுதிசெய்துகொள்ளவே பெரும்பாலும் எழுதுகிறார்.

சி.டி. இங்கே உதவாது. அது எலும்பை அருமையாகக் காட்டும். எலும்புக் குழாய்க்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் கட்டியைத் தவறவிடும். பேரா என்ற நரம்புப் பரிசோதனையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில் பலவற்றைக் கோட்டைவிடும். இன்னொரு விஷயம், இதில் பணத்தை வீணாக்கியவர்கள் அதிகம். சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. வேறு, இது வேறு. மூளைக்கான படங்களை ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் இந்தக் குழாய் ஒன்றிரண்டு படத்தில்தான் வரும், சின்னக் கட்டி நடுவில் ஒளிந்துகொள்ளும். உங்களுக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய வெட்டுகள். இந்தப் படத்தில் குழாய்க்குள் இருக்கும் நீர் வெள்ளையாகவும், அதனுள் நரம்புகள் கறுப்பு நூல்களாகவும் தெரியும். நூல் தெளிவாக ஓடினால் கட்டி இல்லை. வெள்ளைக்குள் ஒரு கறுப்பு உருண்டை அடைத்துக்கொண்டிருந்தால், கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி மறுபடி பார்ப்போம். கட்டி என்றால் பளிச்சென்று ஒளிரும். உள்காதில் அழற்சி இருந்தாலும் இந்த மருந்தில் தெரியவரும். ஆகவே சீட்டில் 'உள்காது, செவி நரம்புக் குழாய், இடது காது மந்தம்' என்ற விவரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியோகிராம் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

தயாரிப்பில் உங்களுக்கு மட்டும் உள்ள ஒன்றை முதலில் சொல்கிறேன். முப்பது வருட லேத்தில் ஒரு தடவையாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருக்குமே? கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத்துகள் காந்தப் புலத்தில் நகர்ந்தால் பார்வையே போகக்கூடும். 'அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் அறையில் கொடுக்கும் கேள்வித்தாளில் இதை எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். கண்குழிக்கு ஓர் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி ஏதாவது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

மோதிரம், அரைஞாணில் கோத்த தாயத்து, கடிகாரம், ஏ.டி.எம். கார்டு எல்லாம் வெளியே. பல்லில் அடைத்த சிமெண்டால் தொல்லை இல்லை. காது மெஷின் போட்டிருப்பவர்கள் அதை அறைக்கு வெளியிலேயே கழற்ற வேண்டும், காந்தம் அதைக் கெடுத்துவிடும். கழற்றினால் உள்ளே படுத்திருக்கும்போது அவர்கள் பேசுவது கேட்காதே என்பது நியாயமான கவலை. முன்னாலேயே டெக்னீஷியனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை நிமிடம், எப்போது ஊசி, காலைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று. கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், அழுத்தினால் ஓடி வருவார்கள்.

வெறும் படத்துக்குப் பட்டினி தேவையில்லை. மருந்து ஏற்றுவதாக இருந்தால் சில இடங்களில் நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்பதைச் சொல்லிக் காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். சர்க்கரை இருப்பதால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று கையில் இருப்பது நல்லது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியத்தைத் தயங்கித்தான் போடுவோம்.

படுக்க வைத்து முகத்துக்கு மேல் கூண்டு போல ஒன்றை மாட்டுவார்கள். இருபது நிமிடம் முதல் முக்கால் மணி வரை ஆகலாம். உள்ளே சம்மட்டி அடிப்பது போலச் சத்தம் வரும், உங்கள் பட்டறை தோற்றுவிடும். மந்தமான காது என்று விடாமல் இரண்டு காதிலும் அடைப்பான் வைக்கச் சொல்லுங்கள். தலையை ஆட்டினால் அந்த நூல் போன்ற நரம்புகள் மங்கிவிடும், மறுபடி எடுக்க வேண்டி வரும். மூடிய இடம் பயம் என்றால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். லேசான மயக்க மாத்திரைக்கு ஏற்பாடு செய்யலாம், துணைக்கு ஒருவர் வேண்டும்.

ரிப்போர்ட்டில் 'நரம்பருகே ரத்தக்குழாய் வளைவு', 'மூளையில் வயதுக்குரிய வெள்ளைப் புள்ளிகள்', 'சைனஸ் தடிப்பு' என்று ஏதாவது இருக்கும். காது நன்றாகக் கேட்பவர்களிடமும் இவை தென்படுவதுண்டு. அதைப் படித்துவிட்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னக் கட்டியே இருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் என்பதில்லை. பல கட்டிகள் வருடக்கணக்கில் வளர்வதே இல்லை. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து அதே ஸ்கேனை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரு வழிதான். வளர்ந்தால் கதிர்வீச்சு, ஆபரேஷன் என்று யோசிப்பார்கள். இழந்த கேட்கும் திறன் அதனால் திரும்பிவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நடுவில் ஒரு நாள் காலை எழுந்ததும் அந்தக் காது திடீரென்று அடைத்துவிட்டால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே காது டாக்டரிடம் போங்கள். அதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், ஸ்கேன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.