1,800 ரூபாய் மாத்திரை 180 ரூபாய் ஆனது எப்படி?

"அப்பாவுக்கு 70 வயது. சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தினம் ஒன்று. மாதம் 1,800 ரூபாய் வரை ஆனது. இப்போ மார்த்தாண்டத்தில் கடைக்காரர் வேறு பெயரில் ஒரு அட்டையைக் காட்டி, 'பேட்டன்ட் முடிஞ்சு போச்சு, மாசம் 180 ரூபாய்தான்' என்கிறார். நம்பி மாற்றலாமா? இத்தனை வருஷம் எங்ககிட்ட கூடுதலா வாங்கினது நியாயமா?" – வாசகி, அருமனை

மாற்றலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். கடைக்காரர் சொன்னது உண்மைதான். பேட்டன்ட் என்பது கண்டுபிடித்த நிறுவனம் மட்டுமே தயாரித்து விற்கலாம் என்று குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் உரிமை. இந்த மருந்துக்கு அது இந்தியாவில் 2025 மார்ச் 11 அன்று முடிந்தது. பேட்டன்ட் முடிந்தாலும் பழைய வணிகப் பெயர் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். அதனால்தான் மற்றவர்கள் வேறு பெயரில் விற்கிறார்கள். அட்டையில் சிறிய எழுத்தில் எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. என்று இருக்கிறதா பாருங்கள், 25 மி.கி. அட்டையும் உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் பழைய அட்டை மீதம் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குபவர்கள் உண்டு.

இனி விலைக்கு வருவோம். ஒரு மாத்திரையைத் தயாரிக்க 4 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 60 ரூபாய்க்கு விற்றால் ஒரு லட்சம் பேர் வாங்குவார்கள், 12 ரூபாய்க்கு விற்றால் நான்கு லட்சம் பேர் வாங்குவார்கள் என்றும் வைப்போம். முதல் விலையில் ஒரு நாள் லாபம் 56 லட்சம், இரண்டாவதில் 32 லட்சம். விற்க உரிமையுள்ளவர் ஒருவரே என்றால் 60 ரூபாயைத்தான் தேர்ந்தெடுப்பார். மீதி மூன்று லட்சம் பேருக்கு மருந்து கிடைக்காது. அவர்களுக்கும் லாபத்தோடு விற்க முடியும் என்றாலும் விற்கமாட்டார். பேட்டன்ட் முடிந்த மறுநாள் இன்னொருவர் 40 என்பார், அடுத்தவர் 20 என்பார், விலை தயாரிப்புச் செலவை நோக்கி இறங்கும். உங்கள் கடையில் நடந்தது இதுதான்.

அப்படியென்றால் அந்த உரிமையை ஏன் கொடுக்க வேண்டும்? இந்த மருந்து இதயத்துக்கு என்ன செய்கிறது என்று பார்க்க 42 நாடுகளில் 7,020 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். 2015இல் முடிவு வந்தது: இதயநோயும் உள்ள சர்க்கரை நோயாளிகளிடையே இதய, ரத்தநாளக் கோளாறால் நேரும் மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. பின்னால் வந்து அதே மருந்தைத் தயாரிப்பவர் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை. தன் மாத்திரையும் அதே அளவு ரத்தத்தில் சேர்கிறது என்று சில பத்துப் பேரிடம் காட்டினால் போதும். முதல் நாளிலிருந்தே நகல் அனுமதிக்கப்பட்டால், அந்த ஆய்வுக்குப் பணம் போட்டவர்தான் நஷ்டப்படுவார். அடுத்த மருந்துக்கு யாரும் பணம் போடமாட்டார்கள்.

பேட்டன்ட் 20 வருடம் என்று சட்டம் சொன்னாலும், அது விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடும் கணக்கு. ரப்பர் கன்று நட்டவருக்கு இது எளிதில் புரியும். பால் வெட்ட ஏழு வருடம் காத்திருக்க வேண்டும், ஆனால் குத்தகைக் காலம் நட்ட அன்றே தொடங்கிவிட்டால்? இந்த மருந்துக்கு 2005இல் விண்ணப்பித்தார்கள். அமெரிக்க அனுமதி கிடைத்தது 2014இல்தான். பாதிக் காலம் விற்பனையே இல்லாமல் போனது. போட்டதை மீதி வருடங்களில் எடுக்க வேண்டியிருப்பதும் விலை ஏறி நிற்க ஒரு காரணம்.

நியாயமா என்று கேட்டீர்கள். ஆய்வுக்கு நாம் ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்பேன். அதை 70 வயதில் மருந்துக்கடை வாசலில் கைக்காசாக எடுத்து வைக்க வேண்டியிருப்பதும், முடியாதவர் மருந்தையே விட்டுவிடுவதும் நியாயமில்லை. நம் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பேட்டன்ட் தந்து மூன்று வருடம் ஆன பிறகும் மருந்து கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காவிட்டால், இன்னொருவருக்குத் தயாரிக்கும் உரிமத்தை அரசு கொடுக்கலாம். 2012இல் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு அப்படிக் கொடுத்தார்கள். மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்தது 8,880 ரூபாய் ஆனது, கண்டுபிடித்த நிறுவனத்துக்கும் விற்பனையில் பங்கு போனது. இந்த வழியை இன்னும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

பத்திரிகைகளில் பேட்டன்ட், காபிரைட் இரண்டையுமே காப்புரிமை என்று எழுதிக் குழப்பிவிடுகிறார்கள். புத்தகம், பாட்டு போன்றவற்றுக்கான காபிரைட் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை நீளும். ஆனால் அது எழுதிய விதத்தைத்தான் காக்கும், அதிலுள்ள யோசனையை அல்ல. மாத்திரைக்கு அது பொருந்தாது.

அப்புறம், அப்பாவின் சீட்டில் எம்பாகிளிஃப்ளோசினோடு வேறு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை இருந்தால், தனி மாத்திரையை அதற்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள். சேர்ந்திருக்கும் மருந்துக்குத் தனி பேட்டன்ட் ஓடிக்கொண்டிருந்தால் விலையும் இறங்கியிருக்காது. அட்டையில் எத்தனை மருந்துப் பெயர் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.