வடக்கைத் தொலைத்த அம்பு

“அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து மேப்பைத் திறந்தால் அம்பு ஒரு பக்கம் காட்டுகிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. போனை எட்டு போலச் சுழற்றச் சொல்கிறார்கள். அது வெறும் சடங்கா, பலன் உண்டா? பர்ஸ் போல மூடும் உறை போட்டிருக்கிறேன்.”
— வாசகர், பெங்களூரு

கடைசியில் போகிற போக்கில் சொன்ன உறைதான் என் முதல் சந்தேகம். அதன் மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்காக உள்ளே ஒரு காந்தத்தை வைத்துத் தைத்திருப்பார்கள்.

நடக்கும்போது உங்கள் இடம் நகர்வதைக் கொண்டு ஜிபிஎஸ் திசையைக் கணித்துவிடும். நின்றுவிட்டால் உங்கள் முகம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. அப்போது போனுக்குள் இருக்கும் காந்த உணரியைத்தான் நம்ப வேண்டும். அது பூமியின் காந்தப்புலத்தை அளந்து வடக்கைக் கண்டுபிடிக்கிறது. பெங்களூரில் அந்தப் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. உறைக் காந்தத்தின் முன் அது ஒன்றுமே இல்லை.

உறை போனின் வலப்பக்கமாக இன்னொரு 40 சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கி நின்றால் இரண்டும் சேர்ந்து, வடக்கு உங்களுக்கு வலப்புறம் 45 டிகிரி தள்ளி இருப்பதாக உணரியை ஏமாற்றும். அம்பு வடமேற்கைக் காட்டும். மேற்கே திரும்பினால் இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் அம்பு சரியாக இருக்கும். கிழக்கே திரும்பினாலோ ஒன்றை ஒன்று அழித்துவிடும். அம்பு கிறுக்குப் பிடித்தாற்போல் அலையும். இப்படி நீங்கள் திசை திரும்பும்போதெல்லாம் பிழையின் அளவு மாறினால், கோளாறு போனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்று பொருள்.

எட்டு போடுவது இதற்குத்தான். நாலா பக்கமும் புரளும்போது வலப்பக்க அளவு 0 முதல் 80 வரை ஏறி இறங்குவதைப் போன் பார்க்கிறது. உறை இல்லாவிட்டால் அது –40 முதல் 40 வரை இருந்திருக்கும். நடுப்புள்ளி 40 தள்ளியிருப்பதைக் கண்டு, இனி வரும் அளவுகளில் அந்த 40-ஐக் கழித்துவிடுகிறது. மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் போதாது. திரை தரையைப் பார்க்கும் அளவுக்குப் போன் புரள வேண்டும். கூகுள் மேப்பில் நீலப் புள்ளியைத் தொட்டால் இதற்கான வசதி வரும். புள்ளியிலிருந்து விரியும் நீல ஒளிக்கற்றை குறுகினால் பலித்தது என்று கொள்ளலாம்.

ஆனால் நிலைய வாசலில் செய்யாதீர்கள். சுற்றியுள்ள இரும்புத் தூண்களும் கதவுகளும் புலத்தை வளைக்கின்றன. போதாக்குறைக்கு, நம் மெட்ரோ ஓடுவது பக்கத்துத் தண்டவாளத்தில் பாயும் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில். அதற்கும் காந்தப்புலம் உண்டு. இவை போனோடு சேர்ந்து சுழலாதவை என்பதால் எட்டு போட்டுக் கழிக்க முடியாது. அங்கே செய்தால் தப்பான கணக்கு பதிந்து, வீதிக்கு வந்த பிறகும் அம்பு தடுமாறும். சாலையோரமாகச் சற்று விலகி, நிறுத்திய வண்டிகளை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள்.

உறையை மாட்டியபடியே செய்தால் பலன் நிலைக்காது. மூடியைத் திறந்து பின்பக்கம் மடித்ததும் காந்தத்தின் இடம் மாறிவிடும். கழித்துவைத்த 40-ம் பொய்யாகிவிடும். கழற்றிய பிறகு ஒருமுறை எட்டு போட்டுவிட்டு, காந்தமில்லாத உறையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.