தை மாதத்துப் பணமும் ஒன்பதே காலும்

கேள்வி: ஒரே துறைப் பங்குகளை வைத்திருக்கும் ஈ.டி.எஃப். ஒன்றில் 1,000 யூனிட்களைக் காலை 9.15-க்கு மார்க்கெட் ஆர்டரில் வாங்கினேன். மாலையில் அதன் குறியீடு 1 சதவீதம் ஏறியிருந்தது. என் கணக்கிலோ நஷ்டம். ஃபண்ட் ஏமாற்றுகிறதா? அம்மாவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துவைத்த டெபாசிட் பணம் இது. தை மாதம்தான் தேவைப்படும்.
- வாசகர், திருப்பூர்

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் அம்மாவைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அவர் நடப்பதற்கென்று ஒதுக்கிய பணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை கிடையாது. அவரிடம் கேட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை.

ஃபண்ட் ஏமாற்றவில்லை. ஈ.டி.எஃப். என்பது ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் ஃபண்ட். அதன் யூனிட்டைப் பங்கைப் போலச் சந்தையில் இன்னொருவரிடமிருந்துதான் வாங்குகிறீர்கள். அதற்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பு அந்த நேரத்தில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் குறைந்த ஃபண்டில், சந்தை திறந்த நிமிடத்தில், விற்பவர் 101.60 கேட்பார், வாங்குபவர் 99.20-தான் தருவார். நடுவில் உள்ள 2.40 ரூபாய்தான் ஸ்ப்ரெட். மார்க்கெட் ஆர்டர் என்றால் விற்பவர் கேட்கும் விலைக்கே வாங்குவது, எனவே 101.60-க்கு வாங்கியிருப்பீர்கள். மாலையில் மதிப்பு 101 ஆகிறது, ஆனால் வாங்க வருபவர் 100.20-தான் தருகிறார். குறியீடு ஏறியும் 1,400 ரூபாய் போய்விட்டது. தை மாதம் மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்லும்போது, கிடைத்த விலைக்கு விற்று இந்த இடைவெளியை இழந்தே தீருவீர்கள். அப்போது சந்தையும் சரிந்திருந்தால் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்?

டிராக்கிங் எரர் வேறு. ஃபண்டின் வருமானம் குறியீட்டின் வருமானத்திலிருந்து நாளுக்கு நாள் எவ்வளவு சீரில்லாமல் விலகுகிறது என்பதன் அளவு அது. நிர்வாகக் கட்டணமும், முதலீடு செய்யாமல் கையில் கிடக்கும் பணமும் ஃபண்டைக் குறியீட்டுக்குப் பின்னால் இழுக்கும். ஒரே நாளில் நீங்கள் கண்ட நஷ்டத்தை அதன்மேல் போடாதீர்கள்.

முதலில் அந்த யூனிட்களை விற்றுவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ.என்.ஏ.வி. என்ற, யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பைப் பார்த்து, அதை ஒட்டிய விலையை நீங்களே குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுங்கள். அன்று விற்காவிட்டால் மறுநாள் மறுபடி போடுங்கள். விற்ற மறு வேலைநாளில் பணம் கணக்குக்கு வரும். அதை டெபாசிட்டில் போட்டு, குறைகிற தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து நிரப்புங்கள்.

பிறகு, ஏழெட்டு வருடம் தொடத் தேவையில்லாத உங்கள் சொந்தப் பணம் இருந்தால், நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டைப் பாருங்கள். பல துறைகளைச் சேர்ந்த ஐம்பது பெரிய நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. இந்தியாவின் முதல் ஈ.டி.எஃப். 2001-இல் வந்ததும் அந்தக் குறியீட்டின் மேல்தான். இன்று நிஃப்டி 50 ஈ.டி.எஃப்.களில் பல, ஆண்டுக்கு நூறு ரூபாய்க்குப் பத்துக் காசுக்கும் குறைவாகவே கட்டணம் எடுக்கின்றன. கட்டணம் மலிவு என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். தினமும் நிறைய யூனிட்கள் கைமாறுகிற ஃபண்டாக இருந்தால்தான் ஸ்ப்ரெட் சில காசுகளில் அடங்கும். வாங்கும்போதும் லிமிட் ஆர்டர்தான்.

இன்று இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொல்லுங்கள், நஷ்டத்தையும் சேர்த்து.