பல்லிக்கு விஷம் உண்டா?

"ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டு உயிரினங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எது கெடுதல், எது உதவி என்று எப்படிப் புரியவைப்பது?"

பல்லியில் தொடங்குங்கள். "சாம்பாரில் விழுந்தால் விஷம்" என்று எப்படியும் ஒரு பிள்ளை சொல்லும். வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், வயிற்றுப்போக்கு வரும். அதனால் பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான், பல்லியை அடிக்க வேண்டியதில்லை. இரவில் டியூப்லைட் அருகே அது கொசுவையும் ஈசலையும் லபக்கென்று பிடிப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பல்லி எச்சத்தின் நுனி வெள்ளையாக இருக்கும், எலிப் புழுக்கை முழுக்கக் கறுப்பு. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் மூலையில் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்தி. வலையில் சிக்கும் கொசுவை நூலால் சுற்றித் தின்றுவிடும், நம்மைச் சீண்டாது. சிலந்தியைக் கையில் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

கெடுதல் என்றால் முதலில் கொசு. கொசுப்புழு நெளியும் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, வாயை வலைத்துணியால் இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்தான் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவிட்டுத் தேய்க்கச் சொல்வது அதனால்தான். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.