நிரைச் செயல்களில் பிழை நேர்ந்த இடத்தைக் கண்டறிவது எப்படி?

"மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கும்போது விடை தவறினால், எந்தப் படியில் பிழை என்று தெரியவில்லை. என்ன செய்வது?"

ஒவ்வொரு படியின் அருகிலும் நிரைச் செயலை எழுதுங்கள். நிரையின் எல்லா எண்களையும் கூட்டி, வலது ஓரத்தில் சரிபார்ப்பு எண்ணாகக் குறியுங்கள். x + y + z = 6, 2x + 3y + z = 11, x − y + 2z = 5 என்பவற்றை எடுத்துக்கொள்வோம்.

```
1  1  1 |  6 |  9
2  3  1 | 11 | 17
1 -1  2 |  5 |  7

R2→R2-2R1: 0  1 -1 | -1 | -1
R3→R3-R1:  0 -2  1 | -1 | -2
R3→R3+2R2: 0  0 -1 | -3 | -4
```

சரிபார்ப்பு எண்ணுக்கும் அதே செயலைச் செய்ய வேண்டும். அவ்வாறு கிடைப்பது, புதிய நிரையைக் கூட்டினால் வரும் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். கடைசிப் படியில் −2 + 2(−1) = −4; நிரையின் கூட்டலும் −1 − 3 = −4. எனவே z = 3, பின்னோக்கிப் பிரதியிட y = 2, x = 1.

அப்படியில் 1 + 2(−1) என்பதன் குறியை மறந்து 3 என எழுதினால் (நான் அதிகம் பார்த்த பிழை இதுதான்), z = −1, y = −2, x = 9 என வரும். இவை முதலிரு சமன்பாடுகளையும் நிறைவு செய்வதால் ஏமாற்றும். மூன்றாவதில்தான் 5-க்குப் பதில் 9 கிடைக்கும். ஓர எண்ணோ, நிரையின் தொகை −4 ஆகாமல் 0 ஆவதால், அந்தப் படியிலேயே பிழையைக் காட்டிவிடும்.

ஆனால் சமன்பாட்டையே தவறாகப் பார்த்தெழுதியிருந்தால் இம்முறை அதைப் பிடிக்காது. விடையை மூலச் சமன்பாடுகளில் பிரதியிட்டுத்தான் அறிய முடியும்.