குடுங்க, கொடுங்கள், வழங்குமாறு

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அச்சகத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். எங்கள் கட்டடத்தின் சொத்து வரிப் பெயர் மாற்றம் தாமதமாவது குறித்து மாநகராட்சி ஆணையருக்கு, “நாம போன மாசம் குடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்று எழுதினேன். முதலாளி இது மரியாதையாக இல்லை என்கிறார். ‘ங்க’ என்பதே மரியாதைதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘ங்க’வில் மரியாதை உண்டு, ஆனால் நேரில் பேசும்போது அதில் பாதியை உங்கள் குரலும் முகமும் சுமக்கின்றன. தாளில் அவை இல்லாததால், அதை ‘விரைவாக முடித்துக் கொடுங்கள்’ என்று எழுத்து வழக்குக்கு மாற்றினாலும் படிப்பவருக்கு ஏவலாகவே ஒலிக்கும். ‘வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்கும்போது வாக்கியத்தின் வினைமுற்று உங்களுடையதாகிறது. ஏவல் மறைந்து வேண்டுகோள் நிற்கிறது.

உங்கள் வாக்கியத்தில் என்னை அதிகம் உறுத்தியது ‘நாம’. அது கேட்பவரையும் உள்ளடக்கும் சொல். ஆணையரும் சேர்ந்து மனுக் கொடுத்ததாகப் பொருள்படும். ‘எங்கள் நிறுவனம்’ என்பதே சரி. ‘போன மாச’மும் அப்படித்தான்: கடிதம் கோப்பில் சேர்ந்து, சில மாதங்கள் கழித்து வேறோர் அலுவலர் அதைப் புரட்டும்போது எந்த மாதம் என்று அவருக்கு விளங்காது. ‘பார்வை’ என்ற வரியில் மனுவின் நாளையும், ஒப்புகைச் சீட்டு இருந்தால் அதன் எண்ணையும் குறித்துவிட்டால், உள்ளே ‘பார்வையில் காணும் மனு’ என்றாலே போதும்.

தாமதத்தைச் சொல்லவும் வேண்டும், குற்றஞ்சாட்டவும் கூடாது. ‘நீங்கள் பதில் தரவில்லை’ என்பதைவிட ‘பதில் கிடைக்கப்பெறவில்லை’ என்பது அதே உண்மையை ஆளைச் சுட்டாமல் சொல்கிறது. ஆக, உங்கள் வாக்கியம் இப்படி அமையலாம்:

“பார்வையில் காணும் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்து எங்கள் நிறுவனத்திற்கு இதுவரை தகவல் ஏதும் கிடைக்கப்பெறவில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவதுடன், சொத்து வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றம் செய்து அதற்கான ஆணையை விரைந்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதற்குமேல் ‘பாதம் பணிந்து’, ‘மேலான சமூகத்திற்கு’ போன்றவற்றை முதலாளி சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விண்ணப்பிப்பவர் இரப்பவர் அல்லர். விளிப்பதற்கு ‘ஐயா’ அல்லது ‘அம்மா’, கடிதம் நெடுக ‘தாங்கள்’, முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்பவை போதும். ‘ஆவன செய்யுமாறு’ என்பதையும் நான் தவிர்ப்பேன். கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இராது. உங்களுக்கு வேண்டியது பெயர் மாற்ற ஆணை. அந்தச் சொல்லையே ‘பொருள்’ வரியிலும் எழுதுங்கள், தபாலைப் பிரிப்பவர் எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்ய முதலில் பார்ப்பது அதைத்தான்.