மகளுக்கு மெட்ராஸ் ஐ. ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து போட்டு மறுநாளே அனுப்பச் சொல்கிறார்கள் பள்ளியில். அனுப்பலாமா?

பீளையைப் பாருங்கள். தண்ணீராக வழிகிறதா, மஞ்சளாகக் கெட்டியாக வருகிறதா?

என் பெண்ணுக்குச் சளியோடு ஒரு கண் சிவந்தது. பிறகு அடுத்த கண்ணும் சிவந்தது, தண்ணீராகவே கொட்டியது, காதுக்கு முன்னால் சின்னதாக நெறி கட்டியிருந்தது. கண் மருத்துவர் அந்த நெறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடினோவைரஸாகத்தான் இருக்கும், ஆன்டிபயாட்டிக் இதற்கு ஒன்றும் செய்யாது என்றார். ஈரத்துணி ஒத்தடம், கண் உலராமல் இருக்க ஒரு சொட்டு மருந்து, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும், கண்ணில் தண்ணீர் வடியும் வரை ஒட்டும் என்றார்.

பள்ளியில் கேட்டால்தானே! சொட்டு மருந்து போட்டாச்சா, அப்போ அனுப்புங்க என்கிறார்கள். மருந்து போட்டு 24 மணி நேரம் ஆனால் அனுப்பலாம் என்ற கணக்கு பாக்டீரியாவுக்கு உரியது. வைரஸ் பிள்ளையை அப்படி அனுப்பினால், கண்ணைக் கசக்கிய கை பென்சிலுக்கும் பெஞ்சுக்கும் குழாய்க்கும் போகும், அங்கிருந்து அடுத்த பிள்ளையின் கண்ணுக்குப் போகும். இந்த வைரஸ் காய்ந்த இடத்திலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். சானிடைசரை நம்ப வேண்டாம், சோப்புதான். பார்த்தாலே ஒட்டும் என்பது பொய், கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு மட்டும்தான்.

என் பையன் கதை வேறு. அவனுக்குக் கெட்டியான மஞ்சள் பீளை, துடைத்த சில நிமிஷத்தில் மறுபடி சேர்ந்துவிடும், கூடவே காதுவலி. கண்ணும் காதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா என்று சொல்லி, காதுக்கும் சேர்த்துக் குடிக்கிற ஆன்டிபயாட்டிக்கே கொடுத்தார் மருத்துவர். சீக்கிரம் கேட்டது. அதனால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். காலையில் இமை ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது, அது இரண்டிலும் வரும். சந்தேகமென்றால் காட்டிவிடுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதுதான் எனக்குப் பயம். பெண்ணுக்கு அப்படித் தந்த புட்டியில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. மருத்துவர் லேபிளைப் படித்ததும் புட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்டீராய்டு சிவப்பைச் சட்டென்று குறைத்துவிடும், ஆனால் வைரஸ் கண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும். வந்திருப்பது ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். ஸ்டீராய்டு தேவைப்படும் கண்களும் உண்டு, அதைக் கண் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வலி அதிகமானாலோ, வெளிச்சம் பார்க்க முடியாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கள்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு. அந்தப் பரிசுக்காகவே சிவந்த கண்ணோடு பிள்ளைகள் வருகிறார்கள். நான் நேரில் போய்ச் சொல்லியாயிற்று, இந்த வருஷமும் கொடுத்தார்கள்.